எந்தத் தோசையில் எவ்வளவு மாவுச்சத்து? தராசு வைத்துக் கணக்கிடும் முறை

சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாளே பல வீடுகளில் கேழ்வரகு மாவு வாங்கப்படுகிறது. அரிசித் தோசைக்கு விடை, ராகித் தோசைக்கு வரவேற்பு. இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள் காலிஃபிளவரைத் துருவி அரிசிக்குப் பதிலாக வைக்கிறார்கள். இந்த மூன்றையும் எண்களால் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒப்பிட்டால் கிடைக்கும் விடை கொஞ்சம் ஏமாற்றம் தரும்: அரிசித் தோசைக்கும் ராகித் தோசைக்கும் இடையே மாவுச்சத்தில் உள்ள வித்தியாசம், ஒரு தோசைக்கு ஏறத்தாழ 3 கிராம்தான்.

அந்த 3 கிராம் எப்படி வந்தது, அதை உங்கள் வீட்டு மாவுக்கு எப்படிக் கணக்கிடுவது என்பதே இந்த அத்தியாயம். தேவையானவை ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, கைபேசியில் உள்ள கால்குலேட்டர்.

தொடங்கும் முன் நான்கு எண்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பொருளில் உள்ள மாவுச்சத்து, முழு எண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால், இப்படி இருக்கும்:

- புழுங்கல் அரிசி: 77 கிராம்
- கேழ்வரகு: 67 கிராம்
- உளுத்தம்பருப்பு: 51 கிராம்
- காலிஃபிளவர்: 2 கிராம் (அமெரிக்க வேளாண்மைத் துறையின் பட்டியலில் நார்ச்சத்தைக் கழித்தால் 3 கிராம், இங்கே நடுவாக 2.5 என்று கொள்வோம்)

முதல் மூன்றும் உலர்ந்த தானியத்துக்கும் பருப்புக்கும் உரியவை. நான்காவது பச்சைக் காய்க்கு உரியது. அரிசிக்கும் கேழ்வரகுக்கும் இடையே 10 கிராம் இடைவெளி இருப்பது உண்மைதான். ஆனால் தோசை மாவில் பாதிக்கு மேல் தண்ணீர், மீதியில் உளுந்தும் உண்டு. அதனால் தட்டுக்கு வரும்போது இந்த இடைவெளி மிகவும் சுருங்கிப் போகிறது.

அரிசித் தோசை: ஒரு கணக்கு முழுமையாக

1. இட்லி அரிசி 400 கிராம், உளுத்தம்பருப்பு 100 கிராம் என்று உலர்ந்த நிலையிலேயே எடை போடுங்கள். ஊறிய பிறகு எடை போட்டால் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். கணக்கு அங்கேயே கெட்டுவிடும். ஒரு சிட்டிகை வெந்தயத்தைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

2. மொத்த மாவுச்சத்தைக் கூட்டுங்கள். அரிசியில் 308, உளுந்தில் 51, ஆக 359 கிராம்.

3. மாவு ஊற்றப்போகும் பாத்திரத்தைக் காலியாக எடை போட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, மாவு நிறைந்த பிறகு தலையைச் சொறிபவர்கள் உண்டு.

4. அரைத்து, கிரைண்டர் கழுவிய நீரையும் உப்பையும் சேர்த்து, பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். நம் எடுத்துக்காட்டில் மாவு 1,250 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

5. 359-ஐ 1,250-ஆல் வகுங்கள். ஒரு கிராம் மாவில் 0.287 கிராம் மாவுச்சத்து.

6. தோசை வார்க்கும் நேரத்தில் மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு கரண்டி எடுத்து ஊற்றியதும் தராசு கழித்தல் குறியோடு காட்டும் எண்தான் அந்தத் தோசையின் மாவு. 80 கிராம் என்று வந்தால், 80 × 0.287 = 23 கிராம் மாவுச்சத்து.

மூன்று தோசை சாப்பிட்டால் 69 கிராம்.

ஒவ்வொரு கரண்டியையும் எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மாவு முழுவதிலும் எத்தனை தோசை வந்தது என்று எண்ணுங்கள். 16 வந்தால் 359-ஐ 16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 22. ஒரே கை, ஒரே கரண்டி என்றால் இந்த வழியே போதும். வீட்டில் இருவர் மாறிமாறி வார்த்தால் கணக்கு தடுமாறும்.

குறிப்பு: புளிப்பு கணக்கை மாற்றுமா?

புளிக்கும்போது நுண்ணுயிர்கள் கொஞ்சம் சர்க்கரையைத் தின்பது உண்மை. அந்த அளவு சிறியது, கழிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. மாவு பொங்கினால் அதன் பருமன் கூடும், எடை கூடாது. காற்று நிறைந்த பொங்கிய மாவில் ஒரு கரண்டி எடுப்பதும், அரைத்த உடனே அதே கரண்டியால் எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் மாவு அதிகம். ஆகவே கரண்டிக் கணக்கை விட எடைக் கணக்கே நம்பகமானது. குளிர்பதனப் பெட்டியில் இருந்த மாவு கெட்டியாகி, மறுநாள் தண்ணீர் சேர்த்தால் ஐந்தாவது படியில் வந்த எண் செல்லாது. சேர்த்த தண்ணீரையும் கூட்டி மீண்டும் வகுக்க வேண்டும்.

ராகித் தோசை: அதே உளுந்து, அதே தண்ணீர்

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். 400 கிராம் அரிசிக்குப் பதில் 400 கிராம் கேழ்வரகு மாவு. உளுந்து அதே 100 கிராம். கடைசியில் மாவின் எடையும் அதே 1,250 கிராம்.

கேழ்வரகில் 268, உளுந்தில் 51, மொத்தம் 319 கிராம். 1,250-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 0.255. 80 கிராம் ஊற்றினால் 20.4 கிராம். அரிசித் தோசையில் 23. மூன்று தோசைக்கு 61-க்கு எதிரே 69. ஆக மொத்தம் 8 கிராம் மிச்சம். ஏறத்தாழ இரண்டு மாரி பிஸ்கட்டில் இருக்கும் மாவுச்சத்து அது.

பல வீடுகளில் முழு ராகி போடுவதில்லை; முறுகலாக வர வேண்டும் என்று பாதி அரிசி சேர்க்கிறார்கள். 200 கிராம் ராகி, 200 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து என்றால் ஒரு தோசைக்கு ஏறத்தாழ 21.7 கிராம். அரிசித் தோசையோடு ஒப்பிட்டால் ஒரு கிராமும் சொச்சமும்தான் குறைவு. இதை ‘சர்க்கரைக்காரர் தோசை’ என்று அழைப்பது அதிகப்படியான மரியாதை.

அப்படியானால் ராகியால் பயனே இல்லையா? உண்டு, அது வேறு பத்தியில் இருக்கிறது. மூன்று ராகித் தோசையில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். அரிசித் தோசையில் 5. கால்சியத்தில்தான் உண்மையான பாய்ச்சல்: ஒரு ராகித் தோசையில் சுமார் 97 மில்லிகிராம், அரிசித் தோசையில் 6. எலும்புக்காக ராகி சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு சாதகம். மாவுச்சத்தைக் குறைக்கவே ராகிக்கு மாறியவருக்குத்தான் ஏமாற்றம்.

இந்த நார்ச்சத்தும் கால்சியமும் முழு தானியத்துக்கு உரியவை. கேழ்வரகு மாவை நைஸான சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டும் பழக்கம் இருந்தால், வாங்கிய பயனில் ஒரு பகுதி அந்தச் சல்லடையிலேயே தங்கிவிடும்.

ராகியில் நடக்கும் இரண்டு தவறுகள்

முதலாவது, தடிமன். கேழ்வரகு மாவு கரைத்தவுடன் நீர்த்துத் தெரியும். அரை மணி நேரத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகிவிடும். அப்படி இறுகிய மாவு கல்லில் மெல்லிசாக விரியாது. பிய்ந்துவிடுமே என்று கை தானாகவே ஒன்றரைக் கரண்டி ஊற்றும். 110 கிராம் ஊற்றினால் அந்த ஒரு தோசையில் 28 கிராம் மாவுச்சத்து. மெல்லிய அரிசித் தோசையை விட 5 கிராம் அதிகம்! மூன்று சாப்பிட்டால் 84. ராகிக்கு மாறிய பிறகு சர்க்கரை ஏறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் முதலில் எடை போட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

செய்ய வேண்டியது இது: மாவைக் கரைத்து அரை மணி நேரம் விட்டு, வார்க்கும் முன் மீண்டும் தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள். சேர்த்த தண்ணீரின் எடையைக் கணக்கில் சேருங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அதன்பின் ஊற்றித் தேயுங்கள்.

இரண்டாவது தவறு கல்லில் நடப்பதில்லை; காகிதத்தில் நடக்கிறது. நார்ச்சத்து செரித்துச் சர்க்கரையாக மாறுவதில்லை என்பதால் அதைக் கழிக்க வேண்டும் என்று படித்தவர்கள், கழித்த எண்ணிலிருந்தே இன்னொரு முறை கழிக்கிறார்கள். மேலே சொன்ன 2017 பட்டியலில் கேழ்வரகுக்குத் தந்துள்ள 67 என்ற எண், நார்ச்சத்தை ஏற்கெனவே நீக்கிய எண். அதிலிருந்து மறுபடி 11-ஐக் கழித்து 56 என்று எழுதினால் ராகி திடீரென்று அற்புத உணவாகத் தெரியும். உளுந்துக்கும் இதையே செய்தால் ஒரு தோசைக்கு மூன்றரை கிராம் பொய்யாகக் குறையும். உண்மையில் அரிசியோடு உள்ள வித்தியாசமே அவ்வளவு இல்லை.

அமெரிக்கப் பட்டியலில் மாவுச்சத்து என்பது நார்ச்சத்தையும் சேர்த்தது. அங்கே கழிக்கத்தான் வேண்டும். கடையில் வாங்கிய மாவுப் பொட்டலத்தில் எந்த முறை என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் கூட்டுங்கள். உலர்ந்த மாவில் ஈரமும் சாம்பல் சத்தும் சேர்ந்து 12, 13 கிராம் இருக்கும்; ஆகவே மற்றவை எல்லாம் சேர்ந்து 87 அல்லது 88-ஐ ஒட்டி வர வேண்டும். மூன்றைக் கூட்டியதிலேயே அந்த எண் வந்துவிட்டால் மாவுச்சத்தில் நார்ச்சத்து அடங்கியிருக்கிறது, கழிக்கலாம். நார்ச்சத்தையும் கூட்டினால்தான் அந்த எண் வருகிறது என்றால் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது, கை வைக்காதீர்கள்.

காலிஃபிளவர்: எண் உண்மையிலேயே மாறும் இடம்

சமைத்த வெள்ளைச் சோறு 200 கிராமில் ஏறத்தாழ 56 கிராம் மாவுச்சத்து. துருவிய காலிஃபிளவர் 200 கிராமில் 5 கிராம். பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ராகியால் செய்ய முடியாததை இந்தப் பூ செய்துவிடுகிறது. காரணம் எளிது: காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்.

செய்முறை:

1. பூவைப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட சூடான நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும்.

2. ஈரம் போகத் துணியில் உலர்த்துங்கள். இந்தப் படியைத் தாண்டினால் சோறு வராது, கூழ்தான் வரும்.

3. துருவியில் பெரிய கண்ணில் துருவுங்கள். அல்லது மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும்.

4. துருவிய பச்சைக் காயைத்தான் எடை போட வேண்டும். வதக்கிய பின் தண்ணீர் போய் எடை குறைந்துவிடும்.

5. அகலமான வாணலியில், மூடாமல், நல்ல தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

கடுகு, உளுந்து, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சை பிழிந்தால் எலுமிச்சைச் சாதத்தின் சாயல் வரும். சாம்பார் ஊற்றிப் பிசைய இது ஏற்றதல்ல, ருசி தண்ணீராகிவிடும். இதைச் சொல்லாமல் காலிஃபிளவரைப் புகழும் சமையல் குறிப்புகள் வாசகரை ஏமாற்றுகின்றன.

தோசை வேண்டும், ஆனால் குறைவாக வேண்டும் என்பவருக்கு ஒரு நடுவழி. மேலே கணக்கிட்ட அரிசி மாவு 500 கிராமில், துருவி லேசாக வதக்கிப் பிழிந்த காலிஃபிளவர் 250 கிராம் கலந்தால் மொத்த மாவுச்சத்து சுமார் 150 கிராம், எடை 750 கிராம். 80 கிராம் ஊற்றினால் 16 கிராம்தான். மெல்லிசாகத் தேய்க்க வராது, ஊத்தப்பமாகத்தான் வரும். எச்சரிக்கையும் அங்கேதான்: ஊத்தப்பம் என்று 120 கிராம் ஊற்றினால் 24 கிராம் வந்துவிடும். காய் துருவிய உழைப்பு அத்தனையும் வீண். புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று.

ஓர் இரவு உணவு, நான்கு தட்டுகள்

கூடவே ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு தேக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்த தேங்காய்ச் சட்னி என்று வைத்துக்கொள்வோம். சாம்பாரில் 20 கிராம் துவரம்பருப்பு இருந்தால் அதுவே 11 கிராம் மாவுச்சத்து. காய், புளி, சட்னி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 17 கிராம் என்று கொள்ளலாம். தோசையை மட்டும் எண்ணி இதை விட்டுவிடுவது மிகவும் பரவலான தவறு.

| தட்டு | தோசை, காய் | தொட்டுக்கொள்வதோடு |
|---|---|---|
| அரிசித் தோசை 3 (80 கிராம்) | 69 | 86 |
| ராகித் தோசை 3 (80 கிராம்) | 61 | 78 |
| ராகித் தோசை 3 (110 கிராம்) | 84 | 101 |
| ராகித் தோசை 1, காலிஃபிளவர் 200 கிராம் | 25 | 42 |

நான்காவது தட்டுதான் எண்ணைப் பாதியாக்குகிறது. அரிசித் தோசை ஒன்றும் காலிஃபிளவரும் வைத்தாலும் 45-தான் வரும். தானியத்தை மாற்றியதை விட எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஒன்றாக்கியதே அங்கே வேலை செய்கிறது. காலிஃபிளவர் வயிற்றை நிரப்பி அதைத் தாங்கிக்கொள்ளக் கைகொடுக்கிறது.

அந்தத் தட்டில் ஒரு குறையும் உண்டு: புரதம். மூன்று தோசையில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் கிடைத்தது. இரண்டைக் கழற்றி 200 கிராம் காலிஃபிளவர் வைத்தால் அதில் 4 கிராம்தான் ஈடாகும். இரவு பதினொரு மணிக்குப் பசித்து, டப்பாவைத் திறந்து நான்கு மாரி பிஸ்கட் சாப்பிட்டால் 15 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போய்விடும். காலிஃபிளவரை வதக்கும்போதே இரண்டு முட்டை உடைத்து ஊற்றுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் பனீர் சேர்க்கலாம். உருளைக்கிழங்கு, பட்டாணி, சோளம் சேர்த்துச் சுவைகூட்ட நினைத்தால் அவற்றையும் எடை போட்டு எழுதுங்கள்.

உங்கள் உடம்பில் சோதிக்க

மாவுச்சத்தின் அளவு ஒன்று. அது எவ்வளவு வேகமாகச் சர்க்கரையாகிறது என்பது வேறொன்று. நைஸாக அரைத்த எந்த மாவும் சீக்கிரம் செரிக்கும். ராகியும் அதற்கு விலக்கல்ல. குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் வெவ்வேறு நாட்களில், அதே நேரத்தில், அதே சாம்பாரோடு ஒவ்வொரு தட்டையும் சோதிக்கலாம். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. ஒரு நாள் சாப்பிட்டவுடன் நடந்துவிட்டு மறுநாள் நடக்காமல் இருந்தால் ஒப்பீடு செல்லாது.

எண்களைப் படிக்கும்போது கருவியின் எல்லையும் நினைவில் இருக்கட்டும். வீட்டுக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் இருப்பதை அனுமதிக்கிறது. ஒரு நாள் 168, மறுநாள் 160 என்றால் ராகி வென்றது என்று சொல்ல முடியாது. 8 கிராம் வித்தியாசம் இந்த இடைவெளிக்குள்ளேயே தொலைந்து போகலாம். 40 கிராம் வித்தியாசம் அவ்வளவு எளிதில் தொலையாது.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் நான்காவது தட்டுக்குப் போக வேண்டாம்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் 86 கிராமிலிருந்து 42 கிராமுக்கு ஒரே இரவில் இறங்கினால் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் ராகியைத் தினசரி உணவாக்கும் முன் உணவியல் நிபுணரைக் கேட்க வேண்டும். அதில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பாலிஷ் அரிசியை விட அதிகம்.

மருந்து எடுத்துக்கொள்பவர்கள் முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், இப்போது சாப்பிடும் தோசையின் எடையையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்து வையுங்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டி, மருந்தின் அளவைப் பேசி முடித்த பிறகே தோசையைக் குறையுங்கள்.